27 எழுத்துகளில் படியெடுத்தலும் மொழிபெயர்த்தலும்: முதன்முறையாக ஸ்லைடு தயாரிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டி.என்.ஏ-வில் உள்ள செய்தி தூது ஆர்.என்.ஏ-வாகப் படியெடுக்கப்படுவதையும், அந்தத் தூது புரதமாக மொழிபெயர்க்கப்படுவதையும் வகுப்பில் விளக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒவ்வோர் இடத்திலிருந்து படம் எடுத்து ஒட்டுகிறார்கள். ஒரு படத்தில் டி.என்.ஏ இடமிருந்து வலமாக ஓடும், அடுத்த படத்தில் ஆர்.என்.ஏ வலமிருந்து இடமாக வளரும், அதற்கடுத்த படத்தில் முந்தைய இரண்டுக்கும் தொடர்பில்லாத எழுத்துகள் இருக்கும். பார்ப்பவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்வார்களே தவிர, எந்த எழுத்து எதுவாக மாறியது என்பதைத் தாங்களே எழுதிப் பார்க்க அவர்களால் முடியாது. இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றுதான்: உண்மையான ஒரு மரபணுவின் ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுத்து, முதல் ஸ்லைடிலிருந்து கடைசி ஸ்லைடு வரை அதே எழுத்துகளை, அதே திசையில், அதே இடத்தில் வைத்து விளக்குங்கள்.

தொடக்கத்துக்கு மிகப் பொருத்தமானது மனித பீட்டா குளோபின் மரபணு. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் இந்த மரபணு 11ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இதன் பெயர் HBB. படியெடுக்கப்படும் பகுதி ஏறத்தாழ 1,600 எழுத்துகள்தான் என்பதால் முழு மரபணுவையும் ஒரே படத்தில் அளவுப்படி வரைந்துவிடலாம். மூன்று எக்ஸான்களும் இரண்டு இன்ட்ரான்களும் உண்டு. ஒரே எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அரிவாளணுச் சோகை என்ற தெளிவான உதாரணமும் இதிலேயே கிடைத்துவிடுகிறது.

எழுத்துகளைப் பாடநூலிலிருந்து பார்த்துத் தட்டச்சு செய்யாமல், NCBI தளத்தின் Nucleotide பிரிவில் NM_000518 என்று தேடி எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவில் CDS என்ற வரியில் 51..494 என்று இருக்கும். புரதத்துக்கான செய்தி 51ஆம் எழுத்தில் தொடங்கி 494ஆம் எழுத்தில் முடிகிறது என்பது அதன் பொருள். கீழே ORIGIN என்ற பகுதியில் எழுத்துகள் பத்துப் பத்தாகப் பிரிக்கப்பட்டிருக்கும்:

```
1 acatttgctt ctgacacaac tgtgttcact agcaacctca aacagacacc atggtgcatc
```

ஆறாவது தொகுதி atg என்று தொடங்குவதைப் பாருங்கள். 51ஆம் எழுத்து அதுதான். இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தப் பதிவு தூது ஆர்.என்.ஏ-வுக்கு உரியது, ஆனாலும் U இருக்க வேண்டிய இடமெல்லாம் T என்றே அச்சாகியிருக்கும். தரவுத்தளங்களின் வழக்கம் அது. ஆர்.என்.ஏ ஸ்லைடில் ஒட்டும்போது T எல்லாவற்றையும் U ஆக்குவது உங்கள் பொறுப்பு. இதைத் தவறவிட்டால், முதல் ஸ்லைடில் ‘ஆர்.என்.ஏ-வில் தைமின் இல்லை’ என்று சொல்லிவிட்டு மூன்றாம் ஸ்லைடில் தைமினோடு ஓர் ஆர்.என்.ஏ-வைக் காட்டிக்கொண்டு நிற்க நேரும்.

எழுத்துருவையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். வரிசைகள் ஒன்றன்கீழ் ஒன்று இம்மி பிசகாமல் நிற்க வேண்டுமென்றால், எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட Courier New அல்லது Consolas வேண்டும். தமிழ் விளக்கத்துக்கு நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் எழுத்துருவே போதும். வண்ணங்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம்: வார்ப்புரு இழைக்கு ஒன்று, தூது ஆர்.என்.ஏ-வுக்கு ஒன்று, அமினோ அமிலங்களுக்கு ஒன்று. சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாம், ஏனெனில் அவ்விரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள் எந்த வகுப்பிலும் இருக்கலாம்.

முதல் ஸ்லைடில் டி.என்.ஏ-வின் இரண்டு இழைகளையும் முனைக் குறிகளோடு வையுங்கள். ATG-இலிருந்து ஒன்பது கோடான்கள், அதாவது 27 எழுத்துகள் போதும்:

```
5'-ATG GTG CAT CTG ACT CCT GAG GAG AAG-3'
3'-TAC CAC GTA GAC TGA GGA CTC CTC TTC-5'
```

மேலே இருப்பது குறியீட்டு இழை, கீழே இருப்பது வார்ப்புரு இழை. ஆர்.என்.ஏ பாலிமரேஸ் படிப்பது கீழ் இழையை மட்டுமே. உருவாகும் ஆர்.என்.ஏ மேல் இழையைப் போலவே தோன்றுவதால், மேல் இழைதான் படிக்கப்பட்டது என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள். இந்தப் பாடத்தில் வேறெந்தப் பிழையையும்விட இது அதிகம் நிலைத்துவிடுகிறது என்பது என் கணிப்பு. ஆகவே படியெடுத்தலைச் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே, இந்த ஸ்லைடிலேயே, கீழ் இழையின் பக்கத்தில் ‘பாலிமரேஸ் படிப்பது இதை’ என்று எழுதிவிடுங்கள். கோடான்களுக்கிடையே விடப்பட்டிருக்கும் இடைவெளி நம் வசதிக்காகத்தான், டி.என்.ஏ-வில் அப்படி எந்த இடைவெளியும் கிடையாது என்பதையும் வாயால் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் ஸ்லைடு படியெடுத்தல். ஆர்.என்.ஏ பாலிமரேஸ் II இரண்டு இழைகளையும் சிறிது தூரத்துக்கு விலக்கி, வார்ப்புரு இழையின் மீது அதன் 3′ முனைப் பக்கத்திலிருந்து 5′ முனைப் பக்கமாக நகர்கிறது. எதிரே பொருந்தும் நியூக்ளியோடைடுகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பதால், ஆர்.என்.ஏ 5′ முனையில் தொடங்கி 3′ முனையை நோக்கி வளர்கிறது. நம் படத்தில் வார்ப்புரு இழையின் 3′ முனை இடப்பக்கம் இருப்பதால் எல்லாமே இடமிருந்து வலமாக நடக்கும். அசைவூட்டம் சேர்ப்பதாக இருந்தால் TAC-க்கு எதிரே A, U, G என்று ஓரெழுத்தாக வரவிடுங்கள். மூன்று மூன்றாக வரவிட்டால் பாலிமரேஸ் கோடான்களைப் படிக்கிறது என்ற தவறான எண்ணம் வந்துவிடும். பாலிமரேஸுக்குக் கோடான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. மூன்றெழுத்துக் கணக்கு ரைபோசோமில்தான் தொடங்குகிறது.

புதிய ஆர்.என்.ஏ வார்ப்புரு இழையோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பதையும் படத்தில் காட்டுங்கள். கடைசியாகச் சேர்ந்த எட்டு ஒன்பது எழுத்துகள் மட்டுமே இணைந்திருக்கும், அதற்கு முந்தியவை பிரிந்து வெளியே தொங்கும், பின்னால் டி.என்.ஏ இழைகள் மறுபடி ஒன்றுசேர்ந்துவிடும். மேலும், படியெடுத்தல் தொடங்கும் இடம் AUG அன்று. தரவுத்தளத்தில் பார்த்த அந்த acatttgctt என்ற இடத்தில், AUG-க்கு 50 எழுத்துகள் முன்பாகவே பீட்டா குளோபின் ஆர்.என்.ஏ தொடங்கிவிடுகிறது. எனவே 27 எழுத்துத் துண்டின் இடப்பக்கத்தில் ஒரு புள்ளிக்கோடு போட்டு ‘இதற்கு முன் 50 எழுத்துகள்’ என்று குறித்துவையுங்கள். நான்காம் ஸ்லைடில் இது தேவைப்படும்.

மூன்றாம் ஸ்லைடுக்குச் சற்று அதிக நேரம் ஒதுக்குங்கள். இப்போது உருவாகியிருப்பது முதிராத தூது ஆர்.என்.ஏ. அதன் 5′ முனையில் ஒரு தொப்பி சேர்க்கப்படுகிறது. 3′ முனை வெட்டப்பட்டு, மரபணுவில் இல்லாத ஒரு நீண்ட A வரிசை அங்கே சேர்க்கப்படுகிறது. இவ்விரண்டையும் ஒரே படத்தில் விரைவாகச் சொல்லிவிடலாம். நின்று விளக்க வேண்டியது இன்ட்ரான் நீக்கம். பீட்டா குளோபினில் எக்ஸான்களின் நீளம் முறையே 142, 223, 261 எழுத்துகள். இடையில் உள்ள இன்ட்ரான்கள் 130 எழுத்தும் 850 எழுத்தும் கொண்டவை. இவற்றை அளவுப்படி வரைந்தால், வெட்டி எறியப்படும் பகுதி வைத்துக்கொள்ளப்படும் பகுதியைவிடப் பெரியது என்பது பார்த்தவுடன் விளங்கும்.

வெட்டு எவ்வளவு துல்லியமாக விழ வேண்டும் என்பதை முதல் இன்ட்ரானின் இரு ஓரங்களையும் காட்டி விளக்குங்கள்:

```
... GGC AG | GTTGGT ...... CCTTAG | G CTG CTG ...
   எக்ஸான் 1       இன்ட்ரான் 1         எக்ஸான் 2
```

இன்ட்ரான் ஒரு கோடானின் நடுவிலேயே புகுந்திருக்கிறது. முதல் எக்ஸான் AG என்ற இரண்டு எழுத்துகளோடு முடிகிறது, இரண்டாம் எக்ஸான் G என்ற ஓரெழுத்தோடு தொடங்குகிறது. சரியாக ஒட்டினால்தான் AGG என்ற ஆர்ஜினின் கோடான் கிடைக்கும், ஓரெழுத்து பிசகினாலும் அதன்பின் வரும் கோடான்கள் அனைத்தும் தடம் மாறிவிடும். இன்ட்ரானின் முதல் இரண்டு எழுத்துகளான GT-யும் கடைசி இரண்டு எழுத்துகளான AG-யும் வெட்டும் இடத்தைக் காட்டும் அடையாளங்கள். ஆர்.என்.ஏ-வில் முன்னது GU என்று இருக்கும். அந்த GT-ஐ அடுத்துள்ள சில எழுத்துகளும் இதில் பங்கு வகிக்கின்றன. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிகப் பரவலான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது: இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்து G-க்குப் பதில் C ஆகிவிடுகிறது, அதாவது GTTGGT என்பது GTTGCT ஆகிறது. புரதத்துக்கான எந்தக் கோடானும் மாறவில்லை. ஆயினும் வெட்டும் பொறி சரியான இடத்தைப் பெரும்பாலும் தவறவிட்டு, பக்கத்தில் உள்ள வேறு இடங்களில் வெட்டுவதால், முழுமையான பீட்டா குளோபின் மிகக் குறைவாகவே உருவாகிறது. நீக்கப்படும் பகுதியில் உள்ள எழுத்துக்கு மதிப்பில்லை என்று எண்ணுபவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

நான்காம் ஸ்லைடில் தூது உட்கருவை விட்டு வெளியே, சைட்டோபிளாசத்தில் இருக்கிறது. இங்கே பல படங்களில் ரைபோசோம் தூதின் இடது ஓரத்திலேயே AUG-ஐப் பிடித்துக்கொண்டிருக்கும். உண்மையில் ரைபோசோமின் சிறிய துணையலகு, தொடக்கக் கடத்து ஆர்.என்.ஏ-வைச் சுமந்தபடி, தொப்பியின் அருகே வந்து சேர்ந்து, அங்கிருந்து 3′ முனையை நோக்கி நகர்ந்துகொண்டே AUG-ஐத் தேடுகிறது. பீட்டா குளோபினில் அந்த 50 எழுத்துகளைத் தாண்டியதும் AUG கிடைக்கிறது. அதன்பிறகே பெரிய துணையலகு வந்து பொருந்தி ரைபோசோம் முழுமை பெறுகிறது. இந்த வரிசையை மூன்று சிறு படங்களாகக் காட்டினால் போதும். இங்கேயே தூதையும் அதன் பொருளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துவிடுங்கள்:

```
5'-AUG GUG CAU CUG ACU CCU GAG GAG AAG-3'
   Met Val His Leu Thr Pro Glu Glu Lys
```

மெத்தியோனின், வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளுட்டாமிக் அமிலம் இரண்டு, லைசின் என்று ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் ஸ்லைடு சங்கிலி நீளும் விதம். ரைபோசோமில் A, P, E என்ற மூன்று இடங்களை வரைந்துகொள்ளுங்கள். தூதின் 5′ முனை இடப்பக்கம் இருக்கும்போது, E இடப்பக்கமும் P நடுவிலும் A வலப்பக்கமும் வர வேண்டும். மெத்தியோனினைச் சுமக்கும் கடத்து ஆர்.என்.ஏ P இடத்தில் AUG-இன் மேல் இருக்கிறது. வாலினைச் சுமப்பது A இடத்தில் GUG-இன் மேல் வந்து அமர்கிறது. இப்போது பெப்டைடு பிணைப்பு உருவாகிறது. இந்தக் கட்டத்தில் எது எங்கே போகிறது என்பதில் கவனமாக இருங்கள்: P இடத்தில் உள்ள மெத்தியோனின் தன் கடத்து ஆர்.என்.ஏ-வை விட்டுவிட்டு A இடத்தில் உள்ள வாலினின் மேல் போய்ச் சேர்கிறது. புதிதாக வந்த அமினோ அமிலம் பழைய சங்கிலியை நோக்கித் தாவுவதாக வரைந்த படங்கள் தவறானவை. பிறகு ரைபோசோம் ஒரு கோடான் தூரம் 3′ பக்கமாக நகர்கிறது. வெறுமையான கடத்து ஆர்.என்.ஏ E இடத்துக்குப் போய் வெளியேறுகிறது, இரண்டு அமினோ அமிலங்களைச் சுமப்பது P இடத்துக்கு வருகிறது, A இடம் CAU-க்காகக் காலியாகிறது. ஒரே ஸ்லைடில் அம்புகளைக் குவிப்பதைவிட, இந்த நான்கு நிலைகளையும் நான்கு ஸ்லைடுகளாகப் பிரித்து, தூதை அசைக்காமல் ரைபோசோமை மட்டும் நகர்த்துவது நல்லது.

எதிர்கோடானை விளக்க எந்தக் கோடானை எடுத்துக்கொள்கிறோம் என்பதும் முக்கியம். GAG-ஐ எடுத்தால் எதிர்கோடான் CUC. அதை எந்தத் திசையில் படித்தாலும் CUC-தான் என்பதால் திசையில் நேரும் பிழை வெளியே தெரியாது. அதற்குப் பதில் லியூசினுக்கான CUG-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்:

```
தூது            5'-CUG-3'
எதிர்கோடான்     3'-GAC-5'
```

இந்த எதிர்கோடானை வழக்கப்படி 5′ முனையிலிருந்து எழுதினால் CAG ஆகும். முனைக் குறி இல்லாமல் ஒரு ஸ்லைடில் GAC என்றும் இன்னொரு ஸ்லைடில் CAG என்றும் எழுதியிருந்தால், பார்ப்பவர் இரண்டையும் வெவ்வேறு கடத்து ஆர்.என்.ஏ-க்கள் என்றே எடுத்துக்கொள்வார். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: கோடான் அட்டவணையைப் பார்ப்பது எதிர்கோடானைக் கொண்டு அல்ல, தூதின் கோடானைக் கொண்டுதான்.

சங்கிலி எந்த முனையிலிருந்து வளர்கிறது என்று யாராவது கேட்டால், இதே குளோபினில் செய்யப்பட்ட சோதனையைச் சொல்லுங்கள். 1961இல் ஹோவர்ட் டின்ட்சிஸ், முயலின் இளம் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க லியூசினைச் சிறிது நேரம் மட்டும் கொடுத்து, முழுமையடைந்த குளோபின் சங்கிலிகளில் கதிரியக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். மிகக் குறுகிய நேரத்தில் அது கார்பாக்சில் முனையருகே மட்டுமே இருந்தது, நேரம் கூடக்கூட அமினோ முனை வரை பரவியது. கடைசியாகக் கட்டப்படுவது கார்பாக்சில் முனை, ஆகவே தொடங்குவது அமினோ முனை என்பது இதிலிருந்து விளங்கியது. அந்த இளம் சிவப்பணுக்களில் உட்கருவே கிடையாது என்பதைச் சேர்த்துச் சொன்னால், மரபணு கைக்கெட்டாத நிலையிலும் ஏற்கெனவே வந்துசேர்ந்த தூதுகளைக் கொண்டே புரதம் உருவாக முடியும் என்பதும் புரிந்துவிடும்.

ஆறாம் ஸ்லைடு முடிவு. பீட்டா குளோபின் தூதில் செய்திப் பகுதி 444 எழுத்துகள், அதாவது 148 கோடான்கள். கடைசிக் கோடான் UAA. அதற்குப் பொருந்தும் கடத்து ஆர்.என்.ஏ எதுவும் இல்லை, A இடத்துக்குள் வருவது விடுவிப்புக் காரணி என்னும் ஒரு புரதம். அந்த இடத்தில் அமினோ அமிலம் இல்லாத கடத்து ஆர்.என்.ஏ ஒன்றை வரைந்திருக்கும் படங்களைத் தவிர்த்துவிடுங்கள். வெளியே வரும் சங்கிலியில் 147 அமினோ அமிலங்கள் இருக்கும். முதலில் உள்ள மெத்தியோனின் நீக்கப்படுவதால் முதிர்ந்த புரதத்தில் 146 மட்டுமே எஞ்சும். படியெடுத்தல் முடிவதும் மொழிபெயர்த்தல் முடிவதும் ஒரே இடத்தில் அன்று என்பதை இங்கே நினைவூட்டுங்கள். UAA-க்குப் பிறகும் தூது நூற்றுக்கு மேற்பட்ட எழுத்துகளுக்குத் தொடர்கிறது. பாலிமரேஸ் UAA-ஐப் பொருட்படுத்துவதே இல்லை.

அந்த மெத்தியோனின் கணக்கு ஏழாம் ஸ்லைடில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைக்கும். அரிவாளணுச் சோகையில் நம் துண்டின் முதல் GAG, GTG ஆகிறது:

```
டி.என்.ஏ (குறியீட்டு இழை)   CCT GAG GAG  ->  CCT GTG GAG
டி.என்.ஏ (வார்ப்புரு இழை)   GGA CTC CTC  ->  GGA CAC CTC
தூது                        CCU GAG GAG  ->  CCU GUG GAG
புரதம்                      Pro Glu Glu  ->  Pro Val Glu
```

குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் வருகிறது. மின்னூட்டம் கொண்ட ஒன்றின் இடத்தில் நீரை விலக்கும் ஒன்று வந்துவிடுவதால், ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட இழைகளாகிச் சிவப்பணுவை வளைத்துவிடுகின்றன. பழைய நூல்கள் இதை ஆறாம் இடம் என்று சொல்லும், இன்றைய ஆய்வக அறிக்கைகள் ஏழாம் இடம் என்று சொல்லும். முன்னது மெத்தியோனின் நீங்கிய புரதத்தை எண்ணுகிறது, பின்னது AUG-இலிருந்து எண்ணுகிறது. இரண்டுமே சரி, ஆனால் உங்கள் ஸ்லைடுகள் முழுவதிலும் ஏதேனும் ஒன்றைத்தான் பின்பற்ற வேண்டும். நம் நாட்டில் இந்த அரிவாளணுப் பண்பு முதன்முதலில் பதிவானவற்றுள் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டதும் ஒன்று என்பதால், தமிழ்நாட்டு வகுப்பில் இந்த உதாரணம் தொலைவான ஒன்றாக இராது.

வகுப்புக்குப் போகும் முன், ஸ்லைடில் இருக்கும் எழுத்துகளையே நகலெடுத்து Expasy தளத்தின் Translate பக்கத்தில் ஒட்டிப் பாருங்கள். அது ஆறு சட்டகங்களில் விடை தரும். 5'3' Frame 1 என்ற முதல் வரிசையில் கீழ்க்கண்டவாறு வர வேண்டும்:

```
MVHLTPEEK
```

அதற்குப் பதிலாக YHVD என்று தொடங்கி, ஒரு நிறுத்தக் குறி வந்து, GLLF என்று முடிந்தால், வார்ப்புரு இழையை 3′ முனையிலிருந்து எழுதியபடியே ஒட்டியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்தத் தளம் எதை ஒட்டினாலும் இடப்பக்கம் 5′ முனை என்றே எடுத்துக்கொள்ளும். MVH என்று சரியாகத் தொடங்கி நடுவில் தடம் மாறினால், தட்டச்சில் ஓரெழுத்து விடுபட்டிருக்கிறது அல்லது கூடியிருக்கிறது. எந்த அமினோ அமிலத்திலிருந்து விடை பிசகுகிறதோ, அந்தக் கோடானிலும் அதற்கு முந்தைய கோடானிலும் தேடினால் அது அகப்பட்டுவிடும்.